தெரியாத இன்ஸ்டாலரும் ‘Run anyway’ பொத்தானும்

2025ஆம் ஆண்டின் நடுவில் நோட்பேட்++ 8.8.2 பதிப்பு வெளியானபோது, அதன் விண்டோஸ் இன்ஸ்டாலரில் டிஜிட்டல் கையொப்பம் இல்லை. பழைய சான்றிதழ் காலாவதியாகியிருந்தது, புதியது கையில் வரவில்லை. இருபது ஆண்டுக்கும் மேலாக நிரலாளர்களும் எழுத்துவேலை செய்பவர்களும் பயன்படுத்திவரும் மென்பொருள் அது. ஆனாலும் அதிகாரபூர்வ தளத்திலிருந்து அதை இறக்கி இருமுறை சொடுக்கியவருக்கு விண்டோஸ் காட்டக்கூடியது திரையின் குறுக்கே ஒரு நீலப் பெட்டியைத்தான். தலைப்பு “Windows protected your PC”. அதன் கீழே, அறியப்படாத ஒரு செயலியைத் தொடங்கவிடாமல் ஸ்மார்ட்ஸ்கிரீன் தடுத்துவிட்டது என்ற செய்தி. கண்ணில் படும் பொத்தான் ஒன்றே ஒன்று, “Don't run”. தொடர விரும்புகிறவர் “More info” என்ற சிறிய இணைப்பைச் சொடுக்க வேண்டும். அதன்பிறகே “Run anyway” முகம் காட்டும்.

இந்தப் பெட்டியைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. இது மைக்ரோசாஃப்ட்டின் வீண் மிரட்டல், யோசிக்காமல் தட்டிவிட்டுப் போகலாம் என்பது ஒன்று. விண்டோஸே வேண்டாம் என்கிறது, பிறகு எதற்கு வம்பு என்பது மற்றொன்று. இரண்டும் தவறு என்பதே என் கணிப்பு. அதைச் சொல்வதற்கு முன், அந்தப் பெட்டி எதை வைத்து வருகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

முதலில், அது வைரஸ் கண்டுபிடிப்பு அல்ல. விண்டோஸின் டிஃபெண்டர் ஒரு கோப்பில் தீநிரலைக் கண்டால், அதற்கு ஒரு பெயர் சொல்லி, கோப்பையே தனிமைப்படுத்திவிடும். ஏற்கெனவே தீயது என்று உறுதியான கோப்புக்கு ஸ்மார்ட்ஸ்கிரீன் காட்டும் பெட்டியின் நிறமும் சிவப்பு. நீலம் சொல்வது “இது யாரென்று எனக்குத் தெரியாது” என்பதை மட்டுமே. குற்றச்சாட்டுக்கும் அறியாமைக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பெட்டியின் வாசகம் மழுப்பிவிடுகிறது. உங்கள் கணினியைக் காப்பாற்றிவிட்டேன் என்று தலைப்பே சொல்லிவிட்டால், எதிரே நின்றது ஆபத்து என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

அறியாமை எப்படி அளக்கப்படுகிறது? உலாவி ஒரு கோப்பை இணையத்திலிருந்து இறக்கும்போது, அந்தக் கோப்போடு ஒட்டிய, கண்ணுக்குத் தெரியாத ஒரு துணைக் குறிப்பையும் எழுதிவைக்கிறது. 2004இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக்கோடு வந்த ஏற்பாடு இது. பவர்ஷெல்லில் பார்க்கலாம்:

```
Get-Content .\npp.8.8.2.Installer.x64.exe -Stream Zone.Identifier
```

விடையில் `ZoneId=3` என்று ஒரு வரி இருக்கும். 3 என்றால் இணையம். பெரும்பாலும் அதன் கீழே, கோப்பு எந்த முகவரியிலிருந்து வந்தது என்பதும் `HostUrl` என்ற வரியில் பதிவாகியிருக்கும். இந்தக் குறி உள்ள கோப்பைத் திறக்கும்போது, அதன் ஹாஷ் எனப்படும் எண்முத்திரையும், கையொப்பம் இருந்தால் அதன் விவரமும் மைக்ரோசாஃப்ட்டின் சேவையிடம் விசாரிக்கப்படுகின்றன. இந்தக் கோப்பைப் பலர் இறக்கியிருக்கிறார்களா, அவர்களுக்குத் தீங்கு ஏதும் நேர்ந்ததா, இதே கையொப்பத்தோடு வந்த பிற கோப்புகள் எப்படி நடந்துகொண்டன என்பவை அங்கே கணக்கில் கொள்ளப்படுகின்றன. நற்பெயர் போதுமான அளவு சேர்ந்திருந்தால் பெட்டி வராது. சேரவில்லை என்றால் வரும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோப்பின் நற்பெயர் அதன் ஹாஷோடு கட்டுண்டது. ஒரு பைட் மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு புதிய பதிப்பும் நற்பெயரே இல்லாமல் பிறக்கிறது. முந்தைய பதிப்பு சேர்த்த பெயரைப் புதியதற்குக் கடத்தும் பாலம் கையொப்பச் சான்றிதழ்தான். அது இல்லாத மென்பொருள், எத்தனை ஆண்டு பழையதானாலும், ஒவ்வொரு வெளியீட்டிலும் அந்நியனாகவே வாசலில் நிற்கிறது. நோட்பேட்++ அந்நியனானது இப்படித்தான். சான்றிதழ் இருந்தாலும் உடனே வழி திறந்துவிடும் என்பதில்லை. விரிந்த சரிபார்ப்புச் சான்றிதழ் என்ற விலை கூடிய வகைக்கு முன்பு கிடைத்துவந்த உடனடி நற்பெயர்ச் சலுகையையும் 2024இல் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது.

அப்படியானால் எல்லாரும் சான்றிதழ் வாங்கிவிட வேண்டியதுதானே? ஆண்டுக்குச் சில நூறு டாலர் என்பது ஒரு தடை. 2023 ஜூன் முதல், கையொப்பமிடும் ரகசியச் சாவியைத் தனி வன்பொருளில்தான் வைக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொண்டது. திருட்டைத் தடுக்கும் நல்ல விதிதான், ஆனால் இலவச மென்பொருள் எழுதும் தனியாளுக்கு இன்னொரு சுமை. பணத்தைவிட ஆழமான தடையும் உண்டு. 2019இல் நோட்பேட்++ ஆசிரியர் டான் ஹோ மென்பொருளின் பெயரிலேயே சான்றிதழ் கேட்டபோது, அந்தப் பெயரில் பதிவுபெற்ற நிறுவனம் எதுவும் இல்லை என்பது குறுக்கே நின்றது. சான்றிதழ் நிறுவனம் சோதிப்பது நிரலை அல்ல, கேட்பவரின் சட்டப்பூர்வ அடையாளத்தை. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இப்போது பெட்டியின் பக்க நியாயம். இந்த நற்பெயர் முறை முதலில் வந்தது 2011இல், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9 உலாவியில். விண்டோஸுக்குள்ளேயே குடியேறியது விண்டோஸ் 8இல். உலாவியில் வந்த ஆண்டிலேயே மைக்ரோசாஃப்ட் தன் தரவுகளை வெளியிட்டது. இறக்கப்படும் நிரல்களில் பதினான்கில் ஒன்று பின்னர் தீநிரல் என உறுதியாகிறது. எச்சரிக்கையை மீறித் தொடர்பவருக்குத் தொற்று நேரும் வாய்ப்பு 25 முதல் 70 விழுக்காடு. இது எச்சரிக்கையை விற்கும் நிறுவனமே தந்த கணக்கு, பழையதும்கூட. இன்றைய நிலைக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் இதன் அடிப்படைத் தர்க்கத்தை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை. தீநிரல் எழுதுபவர்கள் வைரஸ் தடுப்பான்களிடம் சிக்காமலிருக்க, கோப்பை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் அவர்களுடைய கோப்பு பெரும்பாலும் உலகில் வேறு எங்கும் காணாத கோப்பாகத்தான் இருக்கும். ‘யாரும் பார்த்திராதது’ என்ற ஒரே அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு நிறுத்துவது, பெயர்ப்பட்டியலை வைத்துத் தேடுவதைவிடப் புத்திசாலித்தனமான உத்தி.

சிக்கல், அந்த விழுக்காடு ஒரு சராசரி என்பதில் இருக்கிறது. அதற்குள் இரண்டு கூட்டம் கலந்திருக்கிறது. திருட்டு விளையாட்டுக்குச் சாவி தேடிப் போனவர்கள் ஒரு கூட்டம். நேற்று வெளியான ஒரு திறமூலக் கருவியை அதன் சொந்தப் பக்கத்திலிருந்து இறக்கியவர்கள் இன்னொரு கூட்டம். நீலப் பெட்டிக்கு இருவரும் ஒன்றுதான். பலர் பயன்படுத்துவதே நம்பகத்துக்கு அளவுகோல் என்றானபின், சிலருக்காகவே எழுதப்படும் மென்பொருள் எப்போதும் சந்தேகத்தின் நிழலில்தான் இருக்கும். ஒரு தமிழ் விசைப்பலகைக் கருவியோ, பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் இருக்கும் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சிறு நிரலோ, ஆங்கில உலகின் பதிவிறக்க எண்ணிக்கையை எந்தக் காலத்திலும் எட்டப்போவதில்லை. இது அந்த முறையின் பிழை என்று சொல்ல மாட்டேன், வரம்பு என்பேன். வரம்பை மறைத்துப் பேசுவதுதான் பிழை. முடிவெடுக்க மிகவும் தேவையான விவரம் வெளியீட்டாளரின் பெயர். அதை “More info” என்ற இணைப்புக்குப் பின்னால் ஒளித்துவைத்ததை வடிவமைப்பின் மோசமான குறையாகவே கருதுகிறேன்.

எதிர்த்திசையிலும் பார்க்க வேண்டும். பெட்டி வராததாலேயே கோப்பு நல்லது என்று ஆகிவிடுமா? 2017 ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 12 வரை, சிசிகிளீனர் 5.33 பதிப்பு அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்தே, நிறுவனத்தின் செல்லுபடியாகும் கையொப்பத்தோடு, உள்ளே பின்கதவு வைக்கப்பட்ட நிலையில் வழங்கப்பட்டது. சுமார் 22 லட்சம் கணினிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. தயாரிப்பு இடத்திலேயே கலப்படம் நடந்துவிட்டால் கையொப்பமும் நற்பெயரும் கலப்படத்துக்கே காவல் நிற்கும். 2023 அக்டோபரில் கீபாஸ் கடவுச்சொல் மென்பொருளின் போலித் தளம் ஒன்று கூகுள் விளம்பரமாகவே வந்தது. அதன் முகவரியில் k எழுத்துக்கு அடியில் ஒரு சிறு குறி மட்டும் கூடுதல். அங்கே கிடைத்த இன்ஸ்டாலரிலும் முறையான கையொப்பம் இருந்தது, ஆனால் கீபாஸோடு தொடர்பில்லாத ஒரு நிறுவனத்தின் பெயரில்.

சில நேரம் பெட்டியே எழாது. FAT32 முறையில் உள்ள பென்டிரைவில் அந்தத் துணைக் குறிப்பை வைக்க இடமே கிடையாது. கோப்பு அதன் வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் குறி உதிர்ந்துவிடும், விண்டோஸும் கேள்வி கேட்காது. 7-ஜிப் போன்ற கருவியால் விரிக்கும்போதும், அமைப்பைப் பொறுத்து, குறி உள்ளிருக்கும் கோப்புகளுக்குப் போகாமல் நின்றுவிடலாம். 2022இல் மேக்னிபர் என்ற பணயத் தீநிரலை ஏவியவர்கள், வேண்டுமென்றே சிதைத்த ஒரு கையொப்பத்தைக் கோப்பில் வைத்தார்கள். அதைப் படிக்க முயன்ற ஸ்மார்ட்ஸ்கிரீன் தடுமாறியது, பெட்டி வரவில்லை. டிசம்பரில் அந்த ஓட்டை அடைக்கப்பட்டதும் சற்றே மாற்றிய வடிவில் மீண்டும் வந்தார்கள். 2023 மார்ச்சில் இன்னொரு திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. நண்பர் பென்டிரைவில் தந்த இன்ஸ்டாலர் எச்சரிக்கை இல்லாமல் ஓடுவதும், தளத்திலிருந்து நேரே இறக்கியது எச்சரிக்கையோடு நிற்பதும் இதனால்தான். இரண்டில் முன்னதே கூடுதல் ஐயத்துக்குரியது.

ஆக, எடைபோட வேண்டிய கேள்வி இதுதான்: விண்டோஸிடம் இல்லாத சான்று ஏதாவது என் கையில் இருக்கிறதா? இருந்தால் “Run anyway” ஒரு நியாயமான முடிவு. இல்லாவிட்டால் அது வெறும் பொறுமையின்மை. 8.8.2 இன்ஸ்டாலரை வைத்தே இதைச் செய்து பார்க்கலாம்.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். இதை நான் தேடிப் போனேனா, இது என்னைத் தேடி வந்ததா? முகவரியை நானே தட்டச்சு செய்து போனதற்கும், விளம்பரத்தைச் சொடுக்கியதற்கும், “உங்கள் பிரவுசர் பழையதாகிவிட்டது” என்று திடீரென எழுந்த பக்கம் தானாகவே கோப்பை இறக்கியதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. ஐயமிருந்தால் மேலே சொன்ன `HostUrl` வரியைப் பார்க்கலாம். நோட்பேட்++ தளம் பதிவிறக்கத்தை கிட்ஹப்புக்கு அனுப்புகிறது. அந்த வரியில் முன்பின் தெரியாத முகவரி இருந்தால் அங்கேயே நின்றுவிடுவது நல்லது.

அடுத்தது, நற்பெயர் இல்லாததற்குக் காரணம் புரிகிறதா என்பது. கையொப்பத்தின் நிலையை இப்படிக் கேட்கலாம்:

```
Get-AuthenticodeSignature .\npp.8.8.2.Installer.x64.exe
```

`NotSigned` என்று வந்தால் கையொப்பமே இல்லை. `HashMismatch` என்று வந்தால், கையொப்பமிட்ட பிறகு கோப்பு மாறியிருக்கிறது. அதைத் திறக்க எந்த நியாயமும் கிடையாது. இங்கே முதல் விடை வருகிறது, சான்றிதழ் இல்லாத கதையும் ஊரறிந்தது. எச்சரிக்கைக்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

மூன்றாவதாக, கோப்பு ஆசிரியர் வெளியிட்ட அதே கோப்புதானா?

```
Get-FileHash .\npp.8.8.2.Installer.x64.exe
winget show Notepad++.Notepad++ --version 8.8.2
```

முதல் கட்டளை உங்கள் கையிலிருக்கும் கோப்பின் SHA-256 ஹாஷைக் கணக்கிடும். வெளியீட்டுப் பக்கத்தில் உள்ள பட்டியலோடு அதை ஒப்பிடலாம். ஆனால் பட்டியலும் கோப்பும் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டையும் ஒரே கை மாற்றியிருக்கலாம். இரண்டாவது கட்டளையின் பயன் இங்கேதான். விண்டோஸின் வின்கெட் தொகுப்பில் அந்தப் பதிப்பு பதிவாகியிருந்தால், அங்கே தனியாகக் குறித்துவைக்கப்பட்ட ஹாஷை அது காட்டும். வேறு ஆட்கள், வேறு நேரத்தில், வேறு இடத்தில் பதிந்த எண் அது. மூன்றும் ஒத்துப்போனால், உங்களுக்குக் கிடைத்தது உலகுக்குக் கிடைத்த அதே கோப்பு. உங்களுக்கென்று தனியாகச் சமைத்தது அல்ல.

பல வைரஸ் தடுப்பான்களைக் கொண்டு சோதிக்கும் வைரஸ்டோட்டலைப் பலர் முதலில் நாடுகிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். கையொப்பமில்லாத சிறு இன்ஸ்டாலர்களை எழுபது தடுப்பான்களில் ஒன்றிரண்டு சும்மாவே குறைசொல்லும். புத்தம் புதிய தீநிரலை எழுபதும் சேர்ந்து கவனிக்காமல் விடவும் கூடும். பத்துப் பதினைந்து தடுப்பான்கள் ஒரே குடும்பப் பெயரைச் சொன்னால் மட்டும் அதற்கு மதிப்புக் கொடுக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு 8.8.2க்கு “Run anyway” சொல்வது சரி என்பதே என் தீர்ப்பு. அடுத்து, நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டி ஒன்று வரும். அதிலும் வெளியீட்டாளர் தெரியாதவர் என்றே இருக்கும். அது அதே அறியாமையின் மறுபதிப்பு, புதிய செய்தி அல்ல. ஆனால் அதற்கு ‘ஆம்’ சொன்னபின் அந்த நிரலால் கணினியில் எதையும் செய்ய முடியும் என்பதை மனத்தில் வைக்க வேண்டும். நிறுவத் தேவையில்லாத ஜிப் வடிவம் இருந்தால், அந்த அதிகாரத்தைக் கொடுக்காமலேயே வேலையை முடித்துக்கொள்ளலாம்.

இதன் தொடர்ச்சியாக வந்த 8.8.3 பதிப்பில் டான் ஹோ தாமே உருவாக்கிய சான்றிதழால் கையொப்பமிட்டார். எச்சரிக்கை வேண்டாம் என்பவர்கள் அவருடைய மூலச் சான்றிதழைத் தங்கள் விண்டோஸின் நம்பகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம் என்ற வழியும் இருந்தது. இதை நான் ஏற்கவில்லை. “Run anyway” ஒரு கோப்புக்கு ஒரு முறை தரும் அனுமதி. மூலச் சான்றிதழைச் சேர்ப்பதோ, அந்தச் சாவி யார் கையில் இருந்தாலும் அவர்கள் கையொப்பமிடும் எதையும் நம்புவதாக முன்கூட்டியே எழுதிக்கொடுப்பது. ஒரு பெட்டியைத் தவிர்க்க அது மிக அதிக விலை. பின்னர் 8.8.7இல் குளோபல்சைன் நிறுவனத்தின் சான்றிதழ் கிடைத்துச் சிக்கல் தீர்ந்தது.

கதை அதோடு முடியவில்லை என்பதுதான் இந்த எடுத்துக்காட்டை நான் தேர்ந்தெடுக்கக் காரணம். நீலப் பெட்டி இன்ஸ்டாலரைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்த அதே 2025இல், ஜூன் தொடங்கி, நோட்பேட்++ தளத்தைத் தாங்கிய ஹோஸ்டிங் சேவைக்குள் ஊடுருவியவர்கள் தானியங்கி அப்டேட்டின் வழியைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் அல்ல, தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும். அந்த அப்டேட்டர் தான் இறக்கிய கோப்பின் கையொப்பத்தைப் போதுமான அளவு சோதிக்கவில்லை. டிசம்பரில் வந்த 8.8.9தான் அந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. முழு விவரம் 2026 பிப்ரவரியில் வெளியானது. உலாவி வழியே வராமல், ஏற்கெனவே நிறுவிய ஒரு நிரலே இறக்கி ஓட்டும் கோப்பில் இணையக் குறி பொதுவாக இருப்பதில்லை. எனவே நீலப் பெட்டி அங்கே காவலுக்கு நிற்பதும் இல்லை. அந்த மாதங்களில் கிட்ஹப்பிலிருந்து இறக்கி, ஹாஷ் ஒப்பிட்டு, எச்சரிக்கையை மீறி நிறுவியவர், பேசாமல் தானியங்கி அப்டேட்டை நம்பியவரைவிடப் பத்திரமான வழியில் போயிருக்கிறார்.

மீறக் கூடாத இடங்கள் எவை? ஐயத்துக்கே இடமில்லாத ஒன்று, பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் கோப்பு. அடோபி, ஜூம், கூகுள் என்று பெயரை வைத்துக்கொண்டு, “More info” சொடுக்கினால் “Unknown publisher” என்று வந்தால், அது போலி என்றே கொள்ள வேண்டும். அந்த நிறுவனங்கள் கையொப்பமிடாமல் எதையும் வெளியிடுவதில்லை. தனிமனிதரின் சிறு கருவிக்கு இயல்பாக இருக்கும் அதே வரி இவர்களுக்கு வாக்குமூலம். தொடர்பில்லாத ஒரு நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தாலும் அப்படித்தான், போலி கீபாஸ் அங்கேயே பிடிபட்டிருக்கும். இன்னொன்று, எச்சரிக்கையை முன்கூட்டியே பேசித் தீர்க்கும் கோப்பு. “வைரஸ் தடுப்பானை அணைத்துவிட்டு நிறுவுங்கள், நீலப் பெட்டி வந்தால் Run anyway கொடுங்கள்” என்ற குறிப்போடு, கடவுச்சொல் போட்ட ஜிப்பாக வருவது. கடவுச்சொல் இட்ட ஜிப்பின் உள்ளே தடுப்பானால் எட்டிப் பார்க்க முடியாது, அதற்காகவே அந்தக் கடவுச்சொல். நேர்மையான திறமூல ஆசிரியர்களும் நீலப் பெட்டி வரும் என்று எழுதிவைப்பது உண்டு. ஆனால் அவர்கள் காரணத்தையும் ஹாஷையும் சேர்த்துத் தருவார்கள், தடுப்பானை அணைக்கச் சொல்ல மாட்டார்கள். திருட்டு மென்பொருளைப் பற்றித் தனியாகச் சொல்ல எதுவுமில்லை. அங்கே ஒப்பிடுவதற்கு ஆசிரியரின் ஹாஷ் என்று ஒன்று இருக்கவே முடியாது.

அலுவலகக் கணினியில் இந்த எடைபோடலே உங்களுடையது அல்ல. மீறும் பொத்தானையே நீக்கிவிடும் ஒரு கொள்கை அமைப்பு நிர்வாகிகளின் கையில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துவது அவர்கள் உரிமை. விண்டோஸ் 11இன் 22H2 பதிப்போடு வந்த ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல், சொந்தக் கணினியிலும் அதே வேலையைச் செய்கிறது. அடையாளம் தெரியாத, கையொப்பமில்லாத நிரலை அது நிறுத்தினால் “Run anyway” என்ற வழியே இல்லை. இணையத்தில் கண்டதையெல்லாம் சொடுக்கும் பழக்கமுள்ள வீட்டுக் கணினிக்கு அதைப் பரிந்துரைப்பேன். சிறு கருவிகளை நாடித் தேடி, மேலே சொன்ன சோதனைகளைச் செய்யக்கூடியவருக்கு, குறைகளோடும் சரி, நீலப் பெட்டியே மேல். அது நிறுத்துகிறது, ஆனால் சான்று வைத்திருப்பவரிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறது.